முன்னால் வரும் காலடியா, பின்னால் வரும் காலடியா? ஹெட்செட் மாற்றலாமா, இயர்போனுக்குப் போகலாமா?

நடுநிசி_வீரன்

வணக்கம் மக்களே. கணினியில் பெரும்பாலும் வேலரண்ட், நடுநடுவே கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறேன். கையில் இருப்பது யுஎஸ்பி ஹெட்செட். வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பெட்டி மேலேயே "7.1" என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

மூன்று தொல்லைகள். ஒன்று, காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் எனக்கு முன்னாலா பின்னாலா என்று பிடிபடவே இல்லை. முன்னால்தான் என்று நம்பி நிற்பேன், முதுகில் சுடுவான். இரண்டு, டிஸ்கார்டில் நண்பர்கள் பேச ஆரம்பித்தால் விளையாட்டின் சத்தம் தானாகவே அமுங்கிவிடுகிறது. மூன்று, கண்ணாடி போடுகிறவன் நான். இரண்டு மணி நேரத்தில் பொட்டுப் பக்கம் வலி தாங்க முடியவில்லை.

புது ஹெட்செட் வாங்கலாமா, இல்லை காதுக்குள் செருகும் இயர்போனுக்கே மாறிவிடலாமா?

தடாலடி

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். உன் 7.1 மலிவு 7.1 ஆக இருக்கும். நல்ல 7.1, 50 மில்லிமீட்டர் டிரைவர், இதைப் பார்த்து வாங்கு. விண்டோஸ் அமைப்பில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுக்கொள். தூரத்துக் காலடி பக்கத்தில் கேட்கிற மாதிரி வரும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஆடுகிறேன்.

புல்லாங்குழல்

திறந்த முதுகு ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கித் தனி ஆம்ப்ளிஃபையரோடு கேட்டுப் பாருங்கள். வீணையின் தந்தி அதிர்வு ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். கம்பியில்லாததை மட்டும் தொடாதீர்கள், இசையின் உயிரே போய்விடும்.

தடாலடி

அண்ணா, அவர் கேட்பது வீணை இல்லை, பூட்ஸ் சத்தம் 😀

ஒலிப்பெட்டி

வீரன், எதையும் வாங்குவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஹெட்செட்டோடு வந்த மென்பொருளில் 7.1 அல்லது சரவுண்ட் ஓடுகிறதா? விண்டோஸின் ஒலி அமைப்பில் ஸ்பேஷியல் சவுண்ட் இருக்குமே, அதில் என்ன தேர்வாகியிருக்கிறது? விளையாட்டுக்குள் ஒலி அமைப்பில் `HRTF` போட்டிருக்கிறீர்களா?

(நான் ஒலிக்கலவை வேலை செய்கிறவள். விளையாட்டில் சராசரிதான், சுட வராது. காதை மட்டும் நம்பலாம்.)

நடுநிசி_வீரன்

பார்த்தேன் அக்கா. மூன்றுமே ஓடுகிறது! மென்பொருளில் 7.1 ஆன். விண்டோஸில் `Windows Sonic for Headphones`. விளையாட்டில் `HRTF` ஆன். எங்கோ ஒரு வீடியோவில் "எல்லாவற்றையும் போட்டுவிடு" என்று சொன்னதைக் கேட்டுப் போட்டது.

ஒலிப்பெட்டி

அப்படியென்றால் குற்றவாளி அநேகமாக ஹெட்செட் இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடதா வலதா என்பது நமக்கு எளிது. இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு முதலில் வந்து சேரும், கொஞ்சம் உரக்கவும் இருக்கும். இரண்டு காதுக்கும் இடையிலான அந்த நேர வித்தியாசம் மிஞ்சிப்போனால் 0.7 மில்லி நொடி அளவுக்குத்தான் வரும். மூளைக்கு அதுவே போதும். ஆனால் நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருகின்றன. அங்கே நமக்கு உதவுவது காது மடல்தான். பின்னாலிருந்து வருவதை மடல் மறைப்பதால் உச்ச அலைவரிசைகளின் சாயல் மாறுகிறது. அந்தச் சாயலை வைத்துத்தான் முன் பின் தெரிகிறது.

விளையாட்டில் இருக்கும் `HRTF` இந்த மடலின் வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. எதிரி எந்தக் கோணத்தில் நிற்கிறான் என்று விளையாட்டுக்குத் தெரியும். அதற்கேற்ற சாயலைப் பூசி, இரண்டே வாய்க்கால்களாக, இடது காதுக்கு ஒன்று வலது காதுக்கு ஒன்று என்று வெளியே அனுப்புகிறது. சமையல் முடிந்து இலைக்கு வந்தாயிற்று.

உங்கள் ஹெட்செட் மென்பொருளுக்கு அது தெரியாது. அதன் கண்ணுக்கு வந்தது வெறும் ஸ்டீரியோ. ஸ்டீரியோ என்றால் முன்னால் இரண்டு ஸ்பீக்கர், இடப்பக்கம் 30 பாகை, வலப்பக்கம் 30 பாகை என்று எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு கற்பனை ஸ்பீக்கர்களுக்கும் மறுபடி மடல் சாயலைப் பூசுகிறது. அப்போது முழு இடப்பக்கம் நின்றவன் முன் இடது மூலைக்கு வந்துவிடுகிறான். பின்னால் நின்றவனும் முன்னால் வந்துவிடுகிறான். எல்லாமே முன்னால்.

மென்பொருளின் 7.1, விண்டோஸ் ஸ்பேஷியல் இரண்டையும் அணைத்துவிட்டு `HRTF` மட்டும் விட்டுப் பாருங்கள்.

தடாலடி

அக்கா, அப்போ 7.1 என்பதே ஏமாற்றா? எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது.

ஒலிப்பெட்டி

ஏமாற்று இல்லை. இடம் தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுக்குச் சொந்தமாக இந்த வசதி இல்லை, ஆனால் 7.1 வெளியீடு கொடுக்கும் என்றால், விளையாட்டில் அதைத் தேர்ந்தெடுத்து மென்பொருளின் 7.1-ஐ ஓட விடலாம். அப்போது மென்பொருளுக்கு உண்மையிலேயே எட்டு வாய்க்கால்கள் தனித்தனியாகக் கிடைக்கும், பின் ஸ்பீக்கரில் வருவதைப் பின்னால் வைக்கும். நீங்கள் ஆடுவது அந்த மாதிரி விளையாட்டு என்றால் உங்களுக்கு நன்றாகக் கேட்பதில் வியப்பில்லை. எப்படியானாலும் ஒரே ஒரு அடுக்குதான்.

50 மில்லிமீட்டரில் எனக்கு நம்பிக்கையில்லை. டிரைவரின் விட்டம் திசை சொல்லாது. இடது வலது டிரைவர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பதுதான் திசை சொல்லும். மோனோ ஒலிப்பதிவு ஒன்றை ஓட விட்டுக் கண்ணை மூடுங்கள். குரல் மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்செட்டை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு ஹெட்செட்டில். மாறவில்லை என்றால் உங்கள் காதில், ஒருவேளை அழுக்கில்.

செவிச்செல்வன்

அழுக்குப் பேச்சு வந்ததும் நான் வருகிறேன் 😄 நான் ஐஇஎம் ஆள், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன் கட்சி. இரண்டு வருடமாக ஹெட்செட் தொடுவதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு கிராம்தான், கண்ணாடிக்குத் தொந்தரவே இல்லை, வியர்வை இல்லை. அக்கா சொன்னதையே வைத்துப் பார்த்தால், விளையாட்டே மடல் சாயலைப் பூசி அனுப்புகிறது என்றால், ஹெட்ஃபோனில் அது உண்மையான மடலிலும் பட்டு இன்னொரு முறை மாறுமே? ஐஇஎம் மடலைத் தாண்டி நேராக உள்ளே போகிறது. அப்போ ஐஇஎம்தானே சரி?

ஒலிப்பெட்டி

நல்ல கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐஇஎம் போட்டால் எனக்கு எல்லாச் சத்தமும் மண்டைக்குள்ளேயே நிற்கிறது, ஹெட்ஃபோனில் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. இது ஆளுக்கு ஆள் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். இதில் எது மேல் என்று தீர்ப்பு எழுத மாட்டேன்.

செவிச்செல்வன்

எனக்கு வெளியேதான் நிற்கிறது. சரி, காது உங்களுடையது.

வீரன், ஐஇஎம் எடுத்தால் முதல் வேலை ரப்பர் முனையின் அளவு. போட்ட பிறகு விரலால் மெல்ல அழுத்து. அழுத்தும்போது தாழ் ஒலி குபுக்கென்று கூடினால் சரியாக அடைபடவில்லை, ஒரு அளவு பெரியது போடு. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு வேண்டியிருந்தாலும் வெட்கப்படாதே, எனக்கு அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் அடைபடாமல் இருந்தால் அந்தப் பக்கம் ஒலி மெலிந்து திசை தப்பும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பேசும்போது உன் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி உனக்கே முழங்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். குளித்த ஈரக் காதோடு மூன்று மணி நேரம் போட்டு வைத்து ஒருமுறை காதுக்குள் பூஞ்சை வந்து மருத்துவரிடம் போனேன். கம்பியில் தொங்கும் மைக்கும் சட்டையில் உரசும்.

குட்டிச்சுவர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். புளூடூத் ஹெட்செட். பாட்டு அருமையாகக் கேட்கிறது. விளையாட்டில் வாய்ஸ் சாட்டுக்குள் போனவுடன் மொத்தச் சத்தமும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிறது, திசையும் இல்லை. நானும் 7.1-ஐ அணைக்க வேண்டுமா? ஆனால் என்னிடம் 7.1 இல்லையே.

ஒலிப்பெட்டி

உங்களுடையது வேறு நோய். வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் ஸ்டீரியோ வரும், மைக் கிடையாது. மைக்கைத் திறந்த நொடியில் பேச்சு வழிக்கு மாறிவிடும். அங்கே இரண்டு பக்கமும் ஒரே ஒலி, அதுவும் குறைந்த தரத்தில். இரண்டு காதிலும் ஒன்றே கேட்டால் இடம் வலமே இல்லை, பிறகு முன் பின் எங்கே.

வழி இருக்கிறது. யுஎஸ்பியில் தனி மைக் ஒன்றைச் செருகி, டிஸ்கார்டிலும் விளையாட்டிலும் உள்ளீடாக அதைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை எந்தச் செயலியும் தொடாத வரை ஸ்டீரியோவிலேயே நிற்கும். ஆனால் தாமதம் போகாது. சாதாரண புளூடூத்தில் அது 150, 200 மில்லி நொடிக்குப் போவது வழக்கம். கதை விளையாட்டுக்குப் பரவாயில்லை, சுடும் விளையாட்டுக்கு ஆகாது. கம்பி வேண்டாம் என்றால் சொந்த யுஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டைப் பாருங்கள். ஸ்டீரியோவும் மைக்கும் சேர்ந்தே ஓடும். எல்.இ. ஆடியோ என்ற புது வகை புளூடூத் இந்த இருவழிக் கோளாறைத் தீர்க்க வந்ததுதான். ஆனால் ஹெட்செட், கணினி இரண்டுமே அதைத் தாங்க வேண்டும்.

குட்டிச்சுவர்

மேசையில் ஒரு யுஎஸ்பி மைக் தூசி படிந்து கிடக்கிறது. இன்றைக்கே துடைக்கிறேன்.

கண்ணாடிக்காரி

வீரனின் மூன்றாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 11 வயதிலிருந்து கண்ணாடி, நான் சொல்கிறேன்.

வலி எங்கே என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உச்சந்தலையில் வலித்தால் எடை. 300 கிராமைத் தாண்டினால் எனக்கு இரண்டாவது மணி நேரத்தில் தெரியும். காது மடலின் விளிம்பு வலித்தால் குஷனின் ஆழம் போதவில்லை, மடல் உள்ளே இருக்கும் துணியில் முட்டுகிறது. பொட்டில் வலித்தால் பட்டையின் பிடி. கண்ணாடிக் காம்பை மண்டையோடு வைத்து அமுக்குகிறது.

உனக்குப் பொட்டு. பட்டைக்குள் உலோகத் தகடு இருந்தால், உன் தலையை விடக் கொஞ்சம் அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஹெட்செட்டை மாட்டி இரண்டு இரவு விடு. பிடி தளரும். முழுக்க பிளாஸ்டிக் என்றால் செய்யாதே. என்னுடைய பழையது ஒன்று அப்படித்தான் காலையில் இரண்டாகக் கிடந்தது.

அடுத்தது குஷன். ரெக்சின் மாதிரி இருக்கும் குஷன் காம்பைச் சுற்றி இடைவெளி விடும். அதன் வழியே தாழ் ஒலி கசியும், நீ சத்தத்தைக் கூட்டுவாய். வெல்வெட் துணிக் குஷன் காம்பைச் சுற்றி மெத்தென்று அமுங்கும், சூடும் குறைவு. வெளிச் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும், அது வேறு கதை. உன் மாடலுக்குத் தனியாகக் குஷன் கிடைக்கிறதா என்று பார். குஷன் மாற்ற முடியாத ஹெட்செட்டை நான் வாங்குவதே இல்லை.

நடுநிசி_வீரன்

அக்காமார்களுக்கு நன்றி. சத்தம் அமுங்குவதைப் பற்றி யாராவது?

ஒலிப்பெட்டி

அதுவும் வன்பொருள் இல்லை. விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதைத் தட்டச்சு செய்யுங்கள்.

```
mmsys.cpl
```

திறக்கும் பெட்டியில் `Communications` என்ற பக்கத்துக்குப் போங்கள். மற்ற ஒலிகளை 80% குறை என்பது அங்கே தானாகவே தேர்வாகியிருக்கும். யாராவது பேசினால் அழைப்பு வந்துவிட்டது என்று விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது. `Do nothing` என்று மாற்றுங்கள். டிஸ்கார்டின் குரல் அமைப்பிலும் `Attenuation` இருக்கிறது, அதைச் சுழியத்துக்கு இறக்குங்கள்.

அப்படியே மைக்கையும் பார்த்துவிடுங்கள். இதிலும் இரண்டு அடுக்கு நோய் வரும். ஹெட்செட் மென்பொருளின் இரைச்சல் நீக்கி ஒன்று, டிஸ்கார்டின் நீக்கி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் ஸகர ஷகரமும் சொல்லின் கடைசி எழுத்தும் காணாமல் போகும். ஒன்றை மட்டும் விடுங்கள். மைக் முனை வாய்க்கு நேரே வேண்டாம், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி. "பட்டம் பறக்கிறது பார்" என்று பதிவு செய்து கேளுங்கள். பகரத்தில் காற்று வெடித்தால் இன்னும் ஓரமாகத் தள்ளுங்கள். தூரத்தைக் கூட்டி, விண்டோஸில் மைக் பூஸ்ட்டை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். குரலோடு மின்விசிறியும் விசைப்பலகையும் சேர்ந்து ஏறும்.

தடாலடி

லவுட்னஸ் ஈக்வலைசேஷன் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அது வேலை செய்கிறது, நான் சாட்சி.

ஒலிப்பெட்டி

செய்கிறது. மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். அதனால்தான் தூரத்துக் காலடி கேட்கிறது. ஆனால் பக்கத்துக் காலடியும் ஏறக்குறைய அதே அளவில் கேட்கும். பத்து அடியா முப்பது அடியா என்பதை நாம் பெரும்பாலும் சத்தத்தின் அளவை வைத்துத்தான் சொல்கிறோம். அதைத் தட்டையாக்கினால் எதிரி இருக்கிறான் என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது.

தடாலடி

எனக்குப் பழகிவிட்டது, தூரமும் தெரிகிறது. விட மாட்டேன்.

செவிச்செல்வன்

ஒரு நன்மை இருக்கிறது அக்கா, வெடிகுண்டுச் சத்தம் காதைக் கிழிக்காது. அதற்காகவாவது சிலர் போடுகிறார்கள்.

ஒலிப்பெட்டி

அது உண்மை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். காலடிக்காக ஒலியளவை உச்சத்தில் வைத்துவிட்டுத் துப்பாக்கிச் சத்தத்தையும் அதே அளவில் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு, தடாலடியின் வழி குறைந்த தீமை.

நடுநிசி_வீரன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். சோதனையே செய்துவிட்டேன்.

நண்பனோடு தனி மேட்ச் போட்டோம். நான் நடுவில் அசையாமல், கண்ணை மூடி, மவுஸைத் தொடாமல். அவன் சற்றுத் தள்ளி முன், பின், இடம், வலம் என்று மாறி மாறிப் போய் நின்று ஓடிக் காட்டினான். ஒவ்வொரு திசைக்கும் ஐந்து, மொத்தம் 20. வரிசையை அவன் தாளில் எழுதி வைத்துக்கொண்டான்.

மூன்று அடுக்கும் ஓடியபோது 20-இல் 13 சரி. எல்லாவற்றையும் அணைத்து வெறும் ஸ்டீரியோவில் 14. `HRTF` மட்டும் விட்டபோது 17.

பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, அப்போ மூன்று அடுக்கு அவ்வளவு மோசமில்லையோ?

ஒலிப்பெட்டி

அருமை, யாரும் இந்த அளவுக்குச் செய்ய மாட்டார்கள். தப்பானவை எவை என்று பிரித்துச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை கண்ணைக் கட்டும்.

நடுநிசி_வீரன்

தாளைப் பார்த்தேன். மூன்று அடுக்கில் இடம் வலம் பத்தில் எட்டுதான் சரி, இரண்டை முன்னால் என்று சொல்லியிருக்கிறேன். முன் பின் பத்தையும் முன்னால் என்றே சொல்லியிருக்கிறேன்! முன்னால் நின்ற ஐந்து அதனால்தான் சரியாகியிருக்கிறது. வெறும் ஸ்டீரியோவில் இடம் வலம் பத்தும் சரி, முன் பின் பத்தில் நான்கு, அதுவும் குருட்டாம்போக்கு. `HRTF` மட்டும் இருந்தபோது இடம் வலம் பத்தும், முன் பின் பத்தில் ஏழும்.

ஒலிப்பெட்டி

பார்த்தீர்களா, எல்லாம் முன்னால் வந்துவிடும் என்றது தாளிலேயே இருக்கிறது. ஸ்டீரியோவில் நான்கு என்பது காசு சுண்டிப் போட்ட மாதிரி. பத்தே முறை என்பதால் ஏழையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு நாள் ஆறோ எட்டோ வரலாம்.

மீதி மூன்றுக்கு மவுஸ் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பார்வையைச் சற்றே வலப்பக்கம் திருப்புங்கள். சத்தம் இடது காதுப் பக்கம் நகர்ந்தால் ஆள் முன்னால், வலது காதுப் பக்கம் நகர்ந்தால் பின்னால். நிஜ வாழ்க்கையிலும் நாம் தலையைத் திருப்பி இதைத்தான் செய்கிறோம்.

நடுநிசி_வீரன்

இது பிரமாதம். நேற்று இரண்டு முறை இதனாலேயே பிழைத்தேன். சத்தம் அமுங்குவதும் நின்றுவிட்டது. வெல்வெட் குஷன் மாற்றிவிட்டேன், பட்டையையும் புத்தக அடுக்கில் தளர்த்தினேன் (உலோகம்தான், பார்த்துவிட்டுத்தான்). மூன்று மணி நேரம் தாங்குகிறது. புது ஹெட்செட் இப்போதைக்கு இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. மேல் மாடியா கீழ் மாடியா என்பது இன்னும் சுத்தமாகத் தெரியவில்லை.

ஒலிப்பெட்டி

எனக்கும் தெரியாது. மேல் கீழ் முழுக்கவே மடல் சாயலை நம்பியது, அந்தக் கணக்கோ பொதுவான ஒரு காதுக்குப் போட்டது. உங்கள் மடல் அதற்கு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். நான் தரையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். மேலே மரப்பலகை, கீழே கல் என்று மேப்பை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

செவிச்செல்வன்

ஐஇஎம்-இல் எனக்கு மேல் கீழ் தெரிகிறது.

கண்ணாடிக்காரி

அதே 20 முறை சோதனையை மாடிப்படியில் செய்து தாளைக் காட்டுங்கள், நம்புகிறோம்.

செவிச்செல்வன்

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். எனக்கு ஓடிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். தடாலடி, வருகிறாயா?

தடாலடி

வருகிறேன். லவுட்னஸ் போட்டும் ஒரு சுற்று செய்ய வேண்டும், அப்போதுதான்.